ஏழில் ஒன்று: ஆறு வருடமாக என்னைப் படுத்தும் ரம்மிக் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் மச்சினன் கேட்டான்: "மாமா, கீழே கிடக்கிற சீட்டை எடுப்பதா, மூடிய சீட்டுக் கட்டிலிருந்து இழுப்பதா? எப்படித்தான் முடிவு செய்கிறீர்கள்?" ஆறு வருடமாக நான் போடுவது ஒரே கணக்குதான்: எனக்கு உதவும் சீட்டுகளை, நான் இன்னும் பார்க்காத சீட்டுகளால் வகுப்பது. நல்ல கணக்கு. ஆனாலும் அதன் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு.

இரண்டு கட்டும் இரண்டு அச்சு ஜோக்கரும் சேர்ந்து 106 சீட்டுகள். நான்கு பேர், ஆளுக்கு 13. என் கையில் இருப்பவை, திறந்த சீட்டு, வெட்டிய ஜோக்கர் போக நான் பார்க்காதவை 91. "அதில் 39 மற்றவர்கள் கையில் இருக்கிறதே?" என்றான். இருக்கட்டும். எது எங்கே என்று தெரியாதவரை 91-ஆல்தான் வகுக்க வேண்டும்.

அன்று என்னிடம் ஆர்ட்டின் 7, ஸ்பேடு 7. மீதியுள்ள 7 ஆறும் உதவும் என்று அவன் எண்ணினான். எல்லோரும் வழுக்கும் இடம் இது. எங்கள் ஆட்டத்தில் ஒரே எண் சீட்டுகள் சேரும் செட்டில் ஒரே சின்னம் இரண்டு முறை வரக்கூடாது. ஆகவே இன்னொரு ஆர்ட்டினும் இன்னொரு ஸ்பேடும் எனக்குச் செத்த சீட்டுகள். உதவுபவை டைமனில் இரண்டு, கிளாவரில் இரண்டு, நான்கு மட்டுமே. ஜோக்கராக வெட்டியது ஜாக், அதனால் எந்த ஜாக்கும் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும். மிச்சமுள்ள ஏழு ஜாக்கையும் அச்சு ஜோக்கர் இரண்டையும் கூட்டினால் 13. அதாவது ஏழில் ஒன்று.

கீழே ஆர்ட்டின் 6 கிடந்தது. அதை எடுத்தால் ஆர்ட்டின் 5, 8 நான்கும் சேர்ந்து உதவும் சீட்டுகள் 17 ஆகும். ஆனால் ஒரு இழுப்பு போய்விடும். இரண்டு முறைக்குள் செட்டோ, ஒரே சின்னத்தில் வரிசையாக வரும் சீக்வென்ஸோ அமைய, கட்டில் இழுத்தால் 27 சதவீதம். 6-ஐ எடுத்துவிட்டு அடுத்த முறை இழுத்தால் 19 தான். இரண்டும் சமமாவது நான்காவது முறையில், ஏறக்குறைய 47-இல். ஆட்டம் நீளும் என்று தோன்றினால் மட்டுமே 6-ஐத் தொட வேண்டும். தொட்டாலும் நான் எதைத் தேடுகிறேன் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். ஆர்ட்டின் 5-ஐப் பிறகு யார் போடுவார்கள்?

இத்தனையும் விளக்கிவிட்டுக் கட்டில் இழுத்தேன். வந்தது ஆர்ட்டின் 7. செத்த சீட்டுதானே என்று போட்டேன். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மச்சினன் அதை எடுத்து, ஆர்ட்டின் 8, 9-உடன் சேர்த்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் செத்தது அவனுக்கு உயிர் என்பதை என் கணக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கீழே விழுந்த ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக் கழிக்கச் சொல்லும். எதைப் போடக்கூடாது என்று மட்டும் சொல்லாது.

இந்தக் கணக்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவதாக இருந்தேன். இப்போது இரண்டுதான். அடுத்த ஞாயிறும் 91-ஆல்தான் வகுப்பேன்.