போனில் ஆர்டர் எடுக்க: முழு வசன ஸ்கிரிப்டா, கட்டம் போட்ட சீட்டா?

புதிதாகச் சேர்ந்தவருக்குப் போனில் பேசக் கற்றுக்கொடுக்க இரண்டு வழி உண்டு. வணக்கத்திலிருந்து நன்றி வரை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது ஒன்று. பெயர், போன் நம்பர், பொருள், அளவு, எண்ணிக்கை, தேதி, முகவரி என்று வெறும் கட்டங்கள் போட்ட சீட்டைக் கொடுத்து, கேட்டதை நிரப்பச் சொல்வது மற்றொன்று.

முழு வசனத்தால் முதல் நாள் பயம் குறையும். ஆனால் கூப்பிடுபவர் நம் வரிசைப்படி பேசமாட்டார். “போன தடவை வாங்கின பெரிய டப்பா ஃபிஃப்டீன் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள” என்று ஒரே மூச்சில் சொல்வார். மனப்பாடக்காரர் அடுத்த வரிக்குப் போய், “என்ன பொருள் வேணுங்க?” என்பார். எதிர்முனையில் எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. சீட்டு வைத்திருப்பவரோ நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டு, காலியாக இருப்பதை மட்டும் கேட்பார். நடுப்பகுதிக்குச் சீட்டே மேல்.

சீட்டு சறுக்குவது கடைசியில். எல்லாம் நிரம்பியதும் “சரிங்க, அனுப்பிடறோம்” என்று வைத்துவிடுவார்கள். ஃபிஃப்டீன் ஃபிஃப்டியாகப் பதிவாகியிருந்தால் தெரியாது. எழுபதும் எண்பதும் இப்படித்தான் குழம்பும். அதனால் வணக்கம் சொல்லும் முதல் வரியையும் கடைசியில் திருப்பிச் சொல்லும் பகுதியையும் மட்டும் வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்ய வைக்கலாம். திருப்பிச் சொல்வது இப்படி:

“ஒருமுறை வாசிக்கிறேங்க, தப்பிருந்தா நிறுத்துங்க. பெரிய டப்பா, பதினைந்து, ஒன்று ஐந்து. 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.”

ஞாபகத்திலிருந்து சொல்லாமல், எழுதியதைப் பார்த்தே வாசிக்க வேண்டும். சரிபார்க்க வேண்டியது காதில் விழுந்ததை அல்ல, தாளில் விழுந்ததை. “எல்லாம் சரிதானே?” என்ற ஒற்றைக் கேள்விக்குக் காதில் வாங்காமலே “ஆமா” வந்துவிடும். ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினால்தான் திருத்தம் வரும். கிழமையோடு தேதியையும் சொன்னால் இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா என்ற சந்தேகமும் போய்விடும்.

விசாரிக்க மட்டும் கூப்பிடுபவருக்கு இன்னொரு வரி போதும்: “தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு, நாலு மணிக்குள்ள நானே கூப்பிடறேங்க.” நேரம் சொல்லாத “பார்த்துச் சொல்றோம்” வேண்டாம்.

பயிற்சியில் ஆர்டர் எடுப்பவரையும் கூப்பிடுபவராக நடிப்பவரையும் முதுகுக்கு முதுகாக உட்கார வையுங்கள். முகம் தெரிந்தால் தலையசைப்பை வைத்தே ஊகித்துவிடுவார்கள். கூப்பிடுபவராக நடிப்பவரிடம் ஆர்டர் எழுதிய துண்டுத்தாள் இருக்கட்டும். நடுவில் ஒரு தடவை எண்ணிக்கையை மாற்றட்டும், ஒரு தடவை முணுமுணுக்கட்டும். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றிய எண்ணிக்கை பழைய எண்ணின் மேலேயே கிறுக்கப்பட்டிருந்தால் அதுவும் தப்புதான், பொருள் எடுத்துக்கட்டுபவர் எதைப் படிப்பார்? அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதப் பழக்குங்கள். தொடர்ந்து மூன்று அழைப்பில் இரண்டு தாளும் ஒத்துப்போன பிறகே நிஜப் போனைக் கையில் கொடுக்கலாம்.