கிடைத்தட்டா, சாய்தட்டா: சூரியக் கடிகாரத்தில் எது திருத்தத்துக்கு வளைந்து கொடுக்கும்?

சூரியக் கடிகாரம் செய்ய நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகைகள் நிற்கும். ஒன்று, தரையோடு படுத்த கிடைத்தட்டு. மற்றது, நிலநடுக்கோட்டுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் சாய்தட்டு. பார்வைக்குக் கிடைத்தட்டு அழகு. ஆனால் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் என் ஓட்டு சாய்தட்டுக்குத்தான்.

இரண்டிலும் நிழல் விழவைக்கும் கம்பி ஒன்றுதான். அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். வடக்கு அரைக்கோளத்தில், ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி வடக்கு நோக்கி உயர்த்தினால் போதும். நேராக நட்ட குச்சியின் நிழல் பிற்பகல் 3 மணிக்குக் காட்டும் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். அச்சுக்கு இணையான கம்பியின் நிழலோ ஆண்டு முழுக்க அந்த 3 மணிக் கோட்டிலேயே விழும்.

வித்தியாசம் தட்டில்தான். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. சாய்தட்டு கம்பிக்குச் செங்குத்தாக இருப்பதால் கோடுகளும் சரியாக 15 டிகிரி இடைவெளியில் வரும். கிடைத்தட்டில் அப்படி வராது. 30 டிகிரி அட்சரேகையில் 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே 7.6 டிகிரிதான், 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவே 28 டிகிரிக்கு மேல்.

சரி, இதனால் என்ன? சூரிய நேரமும் கடிகார நேரமும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். முதல் காரணம் இடம். நாட்டின் நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக்கு 3 டிகிரி மேற்கே இருந்தால் நிழல் எப்போதும் 12 நிமிடம் பின்தங்கும். இது மாறாத பிழை. மாறுகிற பிழைக்குக் காரணம் பூமி.

பூமி தன்னைச் சுற்றும்போதே சூரியனையும் சுற்றுவதால், மறுபடி சூரியனை நேருக்கு நேர் பார்க்க ஏறக்குறைய 1 டிகிரி கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் தினமும் ஒரே அளவில்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகே வந்து வேகமாக ஓடுகிறது. அப்போது கூடுதல் அதிகம். அதோடு அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் நட்சத்திரப் பின்னணியில் சூரியனின் அன்றாட நகர்வு சாய்வாகப் போய், கிழக்கு நோக்கிய பங்கு குறைகிறது; ஜூனிலும் டிசம்பரிலும் அது கூடுகிறது. டிசம்பர் கடைசியில் இரண்டு காரணங்களும் கைகோர்ப்பதால், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வர 24 மணியைவிட ஏறக்குறைய 30 நொடி கூடுதலாக ஆகிறது. தினமும் சில நொடிதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகிறது. நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்தியிருந்த நிழல், பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பின்தங்கிவிடும். நூறு நாளில் அரை மணி நேரம்!

மேலே சொன்ன 3 டிகிரி மேற்கு ஊரையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 3 அன்று நிழல் 12 மணியைத் தொடும்போது கடிகாரம் 11.56 (12 கூட்டி 16 கழிக்க வேண்டும்). பிப்ரவரி 11 அன்று அதே கோட்டில் நிழல் நிற்கும்போது கடிகாரம் 12.26.

இந்த இடத்தில்தான் சாய்தட்டு ஜெயிக்கிறது. அதன் மணி வளையத்தைக் கம்பியைச் சுற்றித் திருப்பலாம். 1 டிகிரி என்றால் 4 நிமிடம், காலையிலும் மாலையிலும் அதே கணக்கு. நவம்பரில் நிகரப் பிழை 4 நிமிடம் முந்தல், எனவே நிழல் நகரும் பக்கமாக 1 டிகிரி. பிப்ரவரியில் 26 நிமிடம் பின்தங்கல், எனவே எதிர்ப்பக்கமாக ஆறரை டிகிரி. நான் அட்டை வளையமும் சைக்கிள் சக்கரக் கம்பியும் வைத்துச் செய்ததில் வாரம் ஒருமுறை விரலால் லேசாகத் தள்ளினாலே போதுமாக இருக்கிறது.

கிடைத்தட்டில் இந்த வித்தை நடக்காது. அதே 12 நிமிடம் 30 டிகிரி அட்சரேகையில் நண்பகலில் ஒன்றரை டிகிரி, மாலை 5 மணியை ஒட்டி கிட்டத்தட்ட 5 டிகிரி. தட்டைத் திருப்பினால் ஒரு மணிக்குச் சரியாகி மற்றதெல்லாம் கெடும்; கம்பியும் சேர்ந்து திரும்பினால் வடக்கையே விட்டுவிடும். பக்கத்தில் திருத்த அட்டவணை ஒட்டி வைத்து மனக்கணக்குப் போடுவதுதான் வழி.

சாய்தட்டுக்கும் ஒரு குறை உண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் வெயில் தட்டின் விளிம்போடு வழுக்கிப் போகும், நிழலே தெரியாது. குளிர்காலம் முழுக்க அடிப்பக்கம் குனிந்துதான் பார்க்க வேண்டும். தட்டுக்குப் பதில் அரைவட்டப் பட்டை வளைத்து, அதன் உட்புறத்தில் மணி குறித்தால் இரண்டும் தீரும்.

எதைச் செய்தாலும் ஒரு நிமிடத்துக்கும் கீழே துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அந்த அகலத்தைக் கடக்கவே 2 நிமிடம் ஆகும். நிழலின் ஓரம் அந்த அளவுக்கு மங்கலாகத்தான் விழும்.