பொட்டு போக வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளி போகக் கூடாது: பழைய அச்சுப் பக்க ஸ்கேன்களுக்கு மங்கலாக்கலா, மீடியன் வடிகட்டியா?

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களில், குறிப்பாக நகலெடுத்த தாளிலிருந்தோ மைக்ரோஃபிலிமிலிருந்தோ எடுக்கப்பட்டவற்றில், தாளின் வெண்பரப்பெங்கும் கரும்பொட்டுகளும் எழுத்தின் கருமைக்குள் வெண்பொட்டுகளும் இறைந்து கிடப்பதைக் காணலாம். படச் செயலாக்கத் துறையில் இதை உப்பு-மிளகு இரைச்சல் என்பார்கள். இந்தப் பொட்டுகளை நீக்கப் பலரும் முதலில் கை வைப்பது மங்கலாக்கும் வடிகட்டியில்தான். அது ஏன் பிழையான தேர்வு, மீடியன் வடிகட்டி ஏன் சரியான தேர்வு, அந்தச் சரியான தேர்வும் தமிழ் எழுத்தில் எந்த இடத்தில் ஆபத்தாக மாறும் என்பவற்றை எண்களைக் கொண்டே பார்ப்போம்.

சாம்பல் நிறப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. பழுப்பேறிய தாளின் ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கரும்பொட்டு, சுற்றிலும் தாள்:

```
198 201 203
199   0 202
200 204 197
```

மங்கலாக்கலின் எளிய வடிவம் சராசரி. இந்த ஒன்பது எண்களின் கூட்டுத்தொகை 1604. ஒன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 178. பொட்டு இருந்த இடத்தில் இப்போது 178 வந்து நிற்கிறது. 0 என்பதை விட அது மேல்தான், ஆனால் தாளின் 200 அல்ல. அதோடு போகவில்லை. பக்கத்திலிருக்கும் எட்டுப் பிக்சல்களின் கணக்கிலும் அந்த 0 புகுந்துவிடுவதால், அவையும் 178-க்கு அருகே இறங்குகின்றன. ஒரு பிக்சல் பொட்டு ஒன்பது பிக்சல் கறையாகிறது. பொய்யான ஓர் எண்ணைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக அதை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே சராசரி செய்யும் வேலை.

மீடியன் வடிகட்டி அதே ஒன்பது எண்களைக் கூட்டுவதில்லை, வரிசைப்படுத்துகிறது. 0, 197, 198, 199, 200, 201, 202, 203, 204 என்று நிறுத்தி, நடுவிலுள்ள ஐந்தாவது எண்ணை, அதாவது 200-ஐ, எடுத்து வைக்கிறது. பொட்டின் மதிப்பு வரிசையின் ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. அது 0 ஆனாலும் 30 ஆனாலும் விடையில் மாற்றமில்லை. வெண்பொட்டு மறு ஓரத்தில் ஒதுங்கும் என்பதால் உப்பு, மிளகு இரண்டையும் ஒரே கணக்கு தீர்த்துவிடுகிறது.

எழுத்தின் விளிம்பில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மையின் மதிப்பு 40, தாளின் மதிப்பு 200 எனில், 40, 40, 200, 200 என்று செங்குத்தாக நிற்கும் விளிம்பைச் சராசரி 40, 93, 147, 200 என்று சரிவாக்கிவிடும். மீடியன் அதை இருந்தபடியே விட்டுவைக்கும். பக்கத்தில் பொட்டே இல்லாத எழுத்தும் மங்கலாக்கலால் தன் கூர்மையை இழக்கிறது என்பதுதான் எனக்கு அதன்மேல் உள்ள முதன்மையான குறை.

மங்கலாக்கலை ஆதரிப்போர் சொல்லும் ஒரு நியாயத்தையும் இங்கே எடைபோட வேண்டும். எழுத்துணரிக்குக் கொடுப்பதற்கு முன் படத்தை எப்படியும் கருப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரிக்கப்போகிறோம். அப்போது 178 வெள்ளைப் பக்கம் போய்விடும், பிறகென்ன என்பது அவர்கள் வாதம். ஒற்றைப் பிக்சல் பொட்டைப் பொறுத்தவரை இது உண்மையே. பிரிக்கும் எல்லையை மைக்கும் தாளுக்கும் நடுவே 120-இல் வைத்தால், சராசரி தந்த 178-ம், நடுப் பிக்சலுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் காஸியன் மங்கலாக்கல் தரும் 150-ம் வெள்ளையாகிவிடும். ஆனால் ஸ்கேனில் வரும் பொட்டு ஒற்றைப் பிக்சலோடு நிற்பது அரிது. இரண்டுக்கு இரண்டு, அதாவது நான்கு பிக்சல் கொண்ட பொட்டை எடுத்துக்கொண்டால், சராசரியில் அதன் மதிப்பு 111 ஆகிறது. 3×3 காஸியனில் 88-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டுமே 120-க்குக் கீழ் என்பதால் பொட்டு கருப்பாகவே உயிர் பிழைக்கிறது. மீடியனில் ஒன்பதில் நான்குதான் கருப்பு, ஐந்து தாள். எனவே பொட்டு சுவடில்லாமல் மறைகிறது.

ஒரு பிக்சலுக்காக வடிகட்டி கணக்கில் எடுக்கும் கட்டத்தைச் சாளரம் என்பார்கள்; சாளரத்துக்குள் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ அந்தப் பக்கமே மீடியன் சாயும். அதன் வலிமையும் இதுதான், எல்லையும் இதுதான். பொட்டுகள் ஒன்றையொன்று சாராமல் இறைந்திருப்பதாகக் கொண்டால், பிக்சல்களில் 10 விழுக்காடு கரும்பொட்டாக இருக்கும்போது ஒரு 3×3 சாளரத்தில் ஐந்து பொட்டுகள் சேர்ந்து மீடியனைத் தோற்கடிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 20 விழுக்காட்டில் அது நூற்றில் இரண்டு. 30 விழுக்காட்டில் நூற்றில் பத்து. அந்த நிலைக்குப் போன பக்கத்தை வடிகட்டியால் மீட்பதை விட, கிடைக்குமானால் மூலத்தை மீண்டும் ஸ்கேன் செய்வதே நல்லது.

பெரும்பான்மை விதி பொட்டுக்கு மட்டுமா பொருந்தும்? மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளியும் கணக்கின் கண்ணுக்குத் தாள்மேல் கிடக்கும் ஒரு கரிய சிறு கூட்டமே. தமிழ்ப் பக்கங்களில் வேலை செய்பவர்கள் ஆங்கில எழுத்துக்காகச் சொல்லப்பட்ட அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆங்கிலத்தில் i-யின் புள்ளி போனாலும் எழுத்தை அடையாளம் காணலாம். தமிழில் ‘பல்’ என்பதன் புள்ளி போனால் ‘பல’ என்ற வேறொரு சொல் கிடைக்கும். எழுத்துணரியும் அதைப் பிழையாகக் கருதாது, பிழைதிருத்தியும் கருதாது.

ஓர் அச்சுப் பக்கத்தில் மெய்ப்புள்ளியின் விட்டம் 0.4 மி.மீ. என்று கொள்வோம். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 12 பிக்சல் என்பதால், புள்ளி 5 பிக்சல் அகலமுள்ள வட்டமாக, மூலைகள் நீங்கலாக 21 பிக்சலோடு இருக்கும். கணக்கின் எளிமைக்காகக் கருப்பு, வெள்ளை என்ற இரண்டே அளவுகளை வைத்துப் பார்த்தால், 3×3 மீடியன் இந்தப் புள்ளியில் ஒரு பிக்சலைக்கூடத் தொடுவதில்லை. 21-ம் அப்படியே இருக்கும். அதே புள்ளிமேல் 5×5 மீடியனை ஓட்டினால் 13 பிக்சல் மிஞ்சும். போதவில்லை என்று இரண்டாம் முறையும் 5×5 ஓட்டினால் ஒரே ஒரு பிக்சல் மிஞ்சும். ஒரு முறைக்கு இரு முறை ஓட்டுவது தீங்கில்லாத பழக்கம்போலத் தோன்றினாலும், புள்ளியை விழுங்குவது பெரும்பாலும் அந்த இரண்டாம் ஓட்டம்தான்.

இதே பக்கத்தை 150 டிபிஐ-இல் ஸ்கேன் செய்திருந்தால் புள்ளியின் அகலம் இரண்டரைப் பிக்சலுக்கும் குறைவு. அங்கே 3×3 மீடியனே அதைத் துடைத்துவிடக்கூடும். ஆகவே சாளர அளவைத் தேர்ந்தெடுக்கும் முன், திரையில் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்திலேயே சிறிய மெய்ப்புள்ளி எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணிப் பாருங்கள். 5 பிக்சலோ அதற்கு மேலோ இருந்தால் 3×3 பாதுகாப்பானது. மூன்றோ அதற்குக் கீழோ இருந்தால் முழுப் பக்கத்துக்கும் மீடியன் வேண்டாம்.

கோடுகளுக்கும் இதுபோன்ற ஓர் அளவு உண்டு. 3×3 மீடியனில் ஒரு பிக்சல் அகலக் கோடு மறையும், இரண்டு பிக்சல் கோடு தங்கும். 5×5-இல் இரண்டும் மறையும், மூன்று தங்கும். எழுத்துக்குள் உள்ள வெள்ளை இடைவெளிக்கும் இதுவே விதி என்பதால், மெலிந்த அச்சில் ணகரத்தின் சுழிக்குள் இருக்கும் சிறு வெண்கண் பெரிய சாளரத்தில் அடைபட்டுப் போகும்.

வடிகட்டி எதை எடுத்தது என்பதைக் கண்டறிய, முடிவுப் படத்தை உற்றுப் பார்ப்பதை விட நல்ல வழி இருக்கிறது. மூலத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனிப் படமாக எடுத்துப் பாருங்கள். ஓபன்சிவி நூலகத்தில் இதற்குச் சில வரிகள் போதும்:

```python
import cv2
img = cv2.imread("page.png", cv2.IMREAD_GRAYSCALE)
med = cv2.medianBlur(img, 3)
diff = cv2.absdiff(img, med)
out = img.copy()
out[diff > 60] = med[diff > 60]
cv2.imwrite("diff.png", diff)
cv2.imwrite("clean.png", out)
```

`diff.png` கரிய வானில் விண்மீன்கள்போல ஒழுங்கற்ற பொட்டுகளை மட்டும் காட்டினால் வேலை சரியாக நடந்திருக்கிறது. எழுத்துகளின் உருவரை கோடுகோடாகத் தெரிந்தால் சாளரம் எழுத்தைத் தின்கிறது. வரிகளின் தலைப்பகுதியில் ஒரே உயரத்தில் பொட்டுகள் வரிசையாக நின்றால், அவை நீங்கள் இழந்த மெய்ப்புள்ளிகள். மங்கலாக்கலுக்கு இதே சோதனையைச் செய்தால் பக்கத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தின் உருவரையும் தெரியும். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேராகக் காட்டும் சான்று வேறில்லை.

`diff > 60` என்ற நிபந்தனை, மீடியனிலிருந்து வெகுவாக விலகிய பிக்சல்களை மட்டும் மாற்றி மற்றவற்றை மூலத்தில் இருந்தபடி விடுகிறது. தாளின் இயல்பான தன்மையும் மையின் மெல்லிய ஏற்ற இறக்கமும் இதனால் காப்பாற்றப்படும். ஃபோட்டோஷாப்பில் ‘டஸ்ட் அண்ட் ஸ்க்ராட்சஸ்’ வடிகட்டியில் ஆரத்தோடு இன்னோர் எல்லை அளவையும் கேட்பது இதே நோக்கத்தில்தான். ஆனால் இந்த நிபந்தனை மெய்ப்புள்ளியைக் காக்காது. சாளரத்துக்குச் சிறியதாகிவிட்ட புள்ளியும் பொட்டைப் போலவே பெரிய வேறுபாட்டைக் காட்டும் என்பதால், அதைக் காப்பது சாளர அளவு மட்டுமே.

இந்த வேலையைக் கருப்பு வெள்ளையாகப் பிரிப்பதற்கு முன், சாம்பல் நிறப் படத்தில், ஜேபெக் ஆக்காத மூலத்தில் செய்ய வேண்டும். ஜேபெக் சுருக்கம் ஒவ்வொரு பொட்டைச் சுற்றிலும் மங்கலான வளையங்களை உண்டாக்கிவிடும். அதன்பின் பொட்டை எடுத்தாலும் வளையம் நிற்கும்.

மங்கலாக்கலுக்கு உரிய இடமும் உண்டு. ஒவ்வொரு பிக்சலும் சிறிதளவு ஏறி இறங்கும் பரவலான மணல்தன்மையில், அதாவது ஃபிலிம் மணிகளாலோ உணரியின் இரைச்சலாலோ வருவதில், சராசரியே மீடியனை விட நன்றாக வேலை செய்யும். ஒரே அளவு சாளரத்தில் மீடியன் விட்டுவைக்கும் இரைச்சல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். புத்தகத்திலுள்ள ஹாஃப்டோன் புகைப்படங்களிலும் அப்படியே: அங்கே கரும்புள்ளிகள்தாம் படம், மீடியன் அவற்றைத் திட்டுத்திட்டாக்கிவிடும். அந்தப் பக்கங்களில் படத்தின் பகுதியைத் தனியே தேர்ந்து அதை மட்டும் மங்கலாக்கி, எழுத்துப் பகுதிக்கு 3×3 மீடியனை ஒரே ஒரு முறை ஓட்டுவேன். மெய்ப்புள்ளியின் அளவுக்கே வளர்ந்துவிட்ட பூஞ்சைப் பொட்டுகள் இரண்டு வடிகட்டிக்கும் அகப்படாது; அவற்றை எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையில் பார்த்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதான்.