"உங்களை ஒருவர் லைக் செய்திருக்கிறார்" ராத்திரி பத்தரைக்கு வந்தால் காசு கட்டாதீர்கள்

ஒரு டேட்டிங் ஆப் என்னிடம் மூன்று மாதச் சந்தா வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் நிறைய பேர் போனில் அது இருக்கிறது.

சில நாள் திறக்காமல் விட்டால், ராத்திரி பத்தரை வாக்கில் "உங்களை இப்போது ஒருவர் லைக் செய்திருக்கிறார்" என்று வரும். திறந்தால் மங்கலாக்கிய முகம். யாரென்று பார்க்கச் சந்தா. கட்டிப் பார்த்தால், அந்த ஆள் ஆப்பைத் திறந்தே பல நாளாகியிருக்கும்.

சந்தா முடிந்ததும் வியாசர்பாடித் தோழியிடம் இதைச் சொன்னேன். அவளும் அதே ஆப்பில் இருக்கிறாள். "காலையில ஒன்பது மணிக்கு நானே உனக்கு லைக் போடுறேன், எப்ப வருதுன்னு பாரு" என்றாள். போட்டாள். பகல் முழுக்கச் சத்தமே இல்லை. ராத்திரி 10.34-க்கு வந்தது, அதே "இப்போது".

போன் பேட்டரி மிச்சம் பிடிக்க அறிவிப்பைத் தள்ளிப்போடுவது உண்டுதான். ஆனால் அது திரை அணைந்து சும்மா கிடக்கும்போது. எடுத்துத் திறந்தால் தேங்கியதெல்லாம் வந்துவிடும். நான் பகல் பூரா போனும் கையுமாக இருந்தேன். அதே ஆப்பில் பழைய மேட்ச் ஒருவர் மதியம் அனுப்பிய மெசேஜ் உடனே வந்தது. அப்புறம் யார் நிறுத்தி வைத்தது?

நீங்களும் சோதிக்கலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில், அறிவிப்புகளுக்குள் "Notification history" இருக்கும். முதலில் அதை ஆன் செய்யுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் எது எப்போது வந்தது என்று காட்டும்.

ஸ்ட்ரீக் இன்னொரு கூத்து. தினமும் திறந்தால் நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில் எண் ஏறும். யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், திறந்தால் போதும். பதினொரு மணிக்கு "இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்று மிரட்டல். விட்டுவிட்டால் காசு கொடுத்து மீட்கலாமாம். எதை மீட்க?

நினைவூட்டுவதில் தப்பில்லை. லைக்குகளைச் சேர்த்து, நான் சொன்ன நேரத்தில் மொத்தமாகத் தந்தாலும் சரிதான். காலையில் நடந்ததைப் பதுக்கி வைத்து, ஆள் தனியாகப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, "இப்போது" என்று பொய் சொல்லிக் கல்லாவைத் திறப்பதுதான் ஏமாற்று.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. அறிவிப்பைத் தாமதிப்பது அதில் தனி வகையாக இல்லை. பொய் அவசரம் காட்டி வாங்க வைப்பது இருக்கிறது. காசு போயிருந்தால் அந்தப் பெயரில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் சொல்லுங்கள்; அறிவிப்பு வந்த நேரத்தையும் கட்டிய நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஆப்பை வைத்துக்கொள்வதானால், அதன் அறிவிப்பு வகைகளில் மெசேஜை மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். என் ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டிருந்தார்கள். அதனால் முழுவதும் அணைத்துவிட்டேன்.