இழப்பீட்டுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லி 1,850 வெள்ளியைப் பிடுங்கினார்கள்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் மாடியில் இருக்கும் ஓர் ஆவண எழுத்து நிலையம். பெயர் வேண்டாம். கொடுத்த 1,850 வெள்ளி அவர்களுடைய கூலி மட்டும்தான். படகுக் கணக்கு தனி.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலூரில் கட்டிவைத்திருந்த அண்ணனின் விசைப்படகு கயிறு அறுந்து கருங்கற்களில் மோதியது. அடிப்பலகை பிளந்து, இயந்திரத்தோடு மூழ்கியது. வலைகளும் படகிலேயே இருந்தன. என் சேமிப்பில் பாதி அந்தப் படகில்தான். பாலிசி 20 லட்சம் ரூபாய்க்கு, ஆனால் முழு இழப்புக்கு மட்டும். வலைகளுக்கும் படகோடு சேர்ந்து போனால்தான் பணம். தூக்கிச் செப்பனிட 26 லட்சம் ஆகும் என்று படகு கட்டும் ஆசாரி எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தத் தாளையும் பாலிசியையும் கடைக்காரரிடம் காட்டினேன். முழு இழப்பு என்ற வரியை மஞ்சள் பேனாவால் தீட்டினார். "கவலையை விடுங்கள் அண்ணே, கப்பல் கடிதங்களே எத்தனையோ எழுதியிருக்கிறோம்" என்றார். படித்துப் பார்த்துத்தானே தீட்டுகிறார் என்று நம்பி, அங்கேயே பணத்தைக் கட்டினேன். கடிதம் எனக்குக்கூட வராமல் நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது.

அதில் இருந்தது இதுதான்: "புயலில் படகு சேதமடைந்துள்ளது. பட்டறையின் பழுதுபார்ப்பு மதிப்பீட்டை ஏற்று ஆவன செய்யவும்." ஏதோ வேன் விபத்துக்கு எழுதிய பழைய கடிதம்! படகு எண்ணின் இடத்தில் வண்டி எண் என்றே இருந்தது. வலைகளோ "கரையில் வைத்திருந்தவை" ஆகிவிட்டன.

செப்பனிடும் செலவு, செப்பனிட்ட பிறகு படகு பெறும் மதிப்பைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கருதக் கோரலாம். ஆனால் படகைக் கைவிட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம் என்று காலம் தாழ்த்தாமல், நிபந்தனையின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பகுதி இழப்பாகவே கொள்ளப்படும். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடிதத்தில் அந்த வாசகமே இல்லை. "பகுதி இழப்பு, பாலிசியில் அடங்காது" என்று பதில் வந்துவிட்டது. அண்ணன் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார்.

கேட்கப் போனால் முதலில் "முதலாளி ஊரில் இல்லை" என்றார்கள். பிறகு "எழுதுவதுதான் எங்கள் வேலை, பணம் வாங்கித் தருவது அல்ல" என்றார்கள். மஞ்சள் தீட்டிய பக்கத்தை மேசையில் வைத்ததும் "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினோம்" என்று துணிந்து சொன்னார் அதே மனிதர். 1,850 வெள்ளியில் ஒரு காசுகூடத் திருப்பித் தரவில்லை. இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கடிதத்தை நீங்கள் படிக்காமல் அனுப்ப விடாதீர்கள். முழு இழப்பு, கைவிடுகிறோம் என்ற இரண்டும் தெளிவாக இருக்கட்டும். வலைகள் படகில் இருந்ததை வகை, எண்ணிக்கையோடு எழுதுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சிதைந்த படகை உடைக்கவோ விற்கவோ வேண்டாம். அந்தக் கடையின் மாடிப்படி ஏறாதீர்கள். 1,850 வெள்ளி!