304-ஆ, 202-ஆ? காந்தம் சொல்லாததை ஒரு சொட்டு சொல்லும்

திருவான்மியூரில் எங்கள் வீட்டு பாத்ரூமில் மாட்டிய எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டவல் ராடில் நான்கே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. வாங்கிய கடையில் ‘304’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், காந்தம் ஒட்டாததையும் காட்டினார்கள். அந்தக் காந்தத்தை நம்பியதுதான் தவறு.

கடையில் நம் முன் முக்கியமாக மூன்று எஸ்.எஸ். ரகங்கள் இருக்கின்றன. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும். 202-இல் விலை அதிகமான நிக்கலைக் கணிசமாகக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் மாங்கனீசைப் போடுகிறார்கள். இன்னும் மலிவாக ஜே4 என்ற ரகம் இருக்கிறது. அதில் நிக்கல் 1 சதவீத அளவில்தான், குரோமியமும் 15, 16 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துருவைத் தடுப்பது குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய படலம். அது குறையக் குறைய உப்பும் குளோரினும் அதைத் துளைப்பது சுலபமாகிவிடுகிறது.

சரி, காந்தம் ஏன் உதவாது? 304, 316, 202, ஜே4 எதிலுமே காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாமல் செய்வது நிக்கல், அந்த வேலையை மாங்கனீசும் செய்துவிடும். இன்னொரு பக்கம், நல்ல 304 குழாயை வளைத்த இடத்திலும் அழுத்தி வடிவமைத்த விளிம்பிலும் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து அசல் பொருளை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. காந்தம் பளிச்சென்று எல்லா இடத்திலும் ஒட்டினால் மட்டும் அது 304 இல்லை என்று சொல்லலாம். அது குரோம் பூசிய சாதா இரும்பாக இருக்கலாம், அல்லது நிக்கலே இல்லாத 430 ஆக இருக்கலாம்.

202-ஐப் பிடிக்க மாங்கனீஸ் சோதனைத் திரவம் இருக்கிறது. சின்ன பாட்டிலில் 9 வோல்ட் பேட்டரியோடு விற்கிறார்கள். பொருளின் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட வேண்டும். பேட்டரியின் ஒரு முனை உலோகத்தையும் மறுமுனை சொட்டையும் தொட, சில நொடியில் சொட்டு சிவந்தால் மாங்கனீஸ் அதிகம், அதாவது 202 அல்லது ஜே4. சிவக்காவிட்டால் 304 பக்கம். திரவத்தில் அமிலம் இருப்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மேலே முலாம் இருந்தால் சொட்டு முலாமைத்தான் சோதிக்கும், எனவே ஒரு மூலையில் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். 430-உம் சிவக்காது, ஆனால் அதைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, இரண்டு சோதனையும் சேர்ந்தால்தான் விடை. 304-ஐ 316-இலிருந்து பிரிக்க இது போதாது, அதற்கு மாலிப்டினத்துக்கான தனித் திரவம் வேண்டும்.

என் டவல் ராடில் சொட்டு நன்றாகவே சிவந்தது. அதே பாத்ரூமில் இருந்த தரை ஜாலியில் சிவக்கவில்லை.

அப்படியானால் 202-ஏ கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மதுரையிலோ சேலத்திலோ, காய்ந்த படுக்கையறையில் மாட்டும் கொக்கிக்கு 202 வருடக்கணக்கில் போதும். குழாய், ஷவர், ஜாலி என்று தண்ணீர் நிற்கும் இடத்துக்கு 304-க்குக் கீழே இறங்க வேண்டாம். கடல் காற்று நேரே அடிக்கும் மொட்டை மாடிக் குழாய், உப்புத் தண்ணீர் வரும் போர் இணைப்பு என்றால் 316-க்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். வீட்டுக்குள் அது தேவையில்லை என்பது என் கருத்து.

குழாயில் ஒரு சிக்கல் உண்டு. பளபளக்கும் குழாய்களில் பெரும்பாலானவை குரோம் பூசிய பித்தளை. அது போலி கிடையாது, நல்ல பொருள்தான். அதே பளபளப்பில் துத்தநாகக் கலவையும் வரும், அதில் முலாம் கொப்பளித்து உரியும். குழாயின் அடியில் மரை போட்ட இடத்தைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெளியே இருக்கும் அதே வெள்ளை நிறம் உள்ளேயும் வந்து சொட்டும் சிவக்காவிட்டால் 304 ரக எஸ்.எஸ். ஆக இருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம், 304-உம் கெடும். டைல்ஸ் கறை எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஊறவிட்ட பிளீச்சிங் பவுடர் இரண்டும் அதில் குழி விழச் செய்யும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பார்ப்பவர்கள் எஸ்.எஸ். துருப்பிடித்ததாக நினைப்பார்கள்.

பழைய ராடைக் கழற்றிவிட்டு, சொட்டு விட்டுப் பார்த்தே புதிய 304 ராடு வாங்கினேன். பில்லிலும் ‘எஸ்.எஸ். 304’ என்று எழுதி வாங்கினேன். மாட்டிய மூன்றாம் வாரமே அடித்தட்டின் ஓரத்தில் பழுப்புக் கோடு வழிந்தது. தட்டைக் கழற்றினால் கூட வந்த திருகுகள் நான்கும் முலாம் பூசிய இரும்பு, காந்தம் டக்கென்று பிடித்தது. நான்கையும் 304 திருகுகளாக மாற்றி, கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது, கோடு திரும்ப வரவில்லை.