1/n⁴ தொடரைக் கூட்ட எந்தச் சார்பு: x², |x|, x⁴?

போன வாரம் உப்புவெளி வீட்டு விறாந்தையில் மருமகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, எல்லாம் நேர் எண்கள். கூட்டினால் மறை எண் வருது" என்றாள். கொப்பியின் அடியில் −π⁴/360 என்று இருந்தது. 1 + 1/16 + 1/81 + ... என்ற தொடரை ஃபூரியர் தொடரின் சக்திச் சமன்பாட்டால், அதாவது பார்சிவல் சமன்பாட்டால் கூட்டச் சொன்ன பயிற்சி அது. எந்தச் சார்பை எடுப்பது என்று கேள்வியில் சொல்லவில்லை. அன்று பின்னேரம் இரண்டு பேரும் மூன்று சார்புகளையும் போட்டுப் பார்த்தோம். என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: x². அதுவும் அதன் சராசரியைக் கழித்துவிட்டு எடுத்த x².

சமன்பாடு சொல்வது இதுதான். −π முதல் π வரை f(x)-ஐ a₀/2 + Σ(aₙ cos nx + bₙ sin nx) என்று விரித்தால்,

(1/π) ∫ f² dx = a₀²/2 + Σ(aₙ² + bₙ²)

ஓர் அலையின் மொத்தச் சக்தி, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அதிர்வின் சக்தியையும் கூட்டினால் வருவது. அவ்வளவுதான். குணகம் வர்க்கமாகிறது என்பதால், 1/n⁴ வேண்டுமென்றால் 1/n² போலக் குறையும் குணகம் உள்ள சார்பைத் தேட வேண்டும்.

அப்படியான சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்குப் போடுமுன் வரைபைக் கீறிப் பார்த்தாலே தெரியும். x²-ஐ −π முதல் π வரை வரைந்து அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போங்கள். ஆணிகளில் வரிசையாகத் தொங்கவிட்ட தோரணம் மாதிரி இருக்கும். கோடு எங்கும் அறுபடாது. ஆனால் ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கூர்முனை இருக்கும். அங்கே படித்திறன் 2π-யிலிருந்து −2π-க்கு ஒரேயடியாகத் தாவுகிறது. பகுதிகளாகத் தொகையிடும்போது 1/n² என்ற காரணியோடு வெளியே வருவது இந்தத் தாவல்தான். கோடே அறுபட்டிருந்தால் 1/n வரும். முனையும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். x²-க்கு வரும் குணகம் aₙ = 4(−1)ⁿ/n². எல்லா n-க்கும் ஒரே வடிவம்.

|x|-ஐ அதே மாதிரி ஒட்டினால் வாளின் பல் மாதிரி ஒரு கோடு வரும். இங்கே ஒரு சுற்றில் இரண்டு முனைகள். 0-வில் படித்திறன் 2 ஏறுகிறது, π-யில் 2 இறங்குகிறது. cos nx-இன் பெறுமானம் 0-வில் 1, π-யில் (−1)ⁿ. ஆகவே n இரட்டை எண்ணாக இருந்தால் இரண்டு முனைகளின் பங்கும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றை எண்ணாக இருந்தால் இரண்டும் சேர்ந்து −4/(πn²) தரும். மருமகளுக்கு இது பிடித்துப்போயிற்று. இரட்டை எண்கள் ஏன் காணாமல் போகின்றன என்று அவள் அதுவரை கேட்டதில்லை; தொகையிட்டால் பூச்சியம் வருகிறது என்பதோடு விட்டிருந்தாள்.

இனி எங்கே பிழை வருகிறது என்பதைப் பார்ப்போம். நான் x²-இன் பக்கம் நிற்பதற்கும் சராசரியைக் கழிப்பதற்கும் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

x²-க்கு இடப்பக்கம் 2π⁴/5. a₀ = 2π²/3. அவள் வலப்பக்கத்தில் a₀²/2 எழுதாமல் a₀² என்றே எழுதிவிட்டாள். அது 4π⁴/9, 2π⁴/5-ஐ விடப் பெரியது. கழித்தால் மறை வரத்தானே செய்யும். அதை 16-ஆல் பிரித்ததுதான் அந்த −π⁴/360. உண்மையில் அவளுக்கு அதிர்ஷ்டம், பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. இதைவிட மோசமானது a₀²/4 என்று எழுதுவது. மாறிலி a₀/2 என்றால் அதன் வர்க்கம் a₀²/4 தானே என்று நினைப்பது இயல்பு. அப்படி எழுதினால் விடை 13π⁴/720, ஏறத்தாழ 1.76. பார்க்க அழகான நேர் எண். சோதிக்காதவர் அதை அப்படியே எழுதிவிட்டு எழும்பிவிடுவார்.

a₀²/2 ஏன் என்பதற்குப் பதில் ஒரே வரி. (1/π)∫cos² nx dx = 1, ஆனால் (1/π)∫1 dx = 2. மாறிலிக்கு மட்டும் எடை இரண்டு மடங்கு. ஆகவே a₀²/4-ஐ 2-ஆல் பெருக்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ளலாம், ஆனால் சோதனை மண்டபத்தில் மறந்துபோகும். அதனால் நான் மாறிலியையே எடுத்துவிடச் சொல்வேன். x²-இன் சராசரி π²/3. g = x² − π²/3 என்று வைத்தால் a₀ பூச்சியம், மற்றக் குணகங்களில் ஒன்றும் மாறாது. இரண்டு பக்கமும் சராசரியாகவே எழுதிக்கொள்ளலாம்:

g²-இன் சராசரி = π⁴/5 − π⁴/9 = 4π⁴/45

ஒவ்வொரு கோசைனின் வர்க்கத்துக்கும் சராசரி 1/2. தேடும் தொகையை S என்று வைத்தால் வலப்பக்கம் ½ Σ 16/n⁴ = 8S. S = π⁴/90. முடிந்தது. உயர்தரத்தில் புள்ளிவிபரம் படித்தவருக்கு இடப்பக்கம் பழைய ஆள்தான்: வர்க்கத்தின் இடையிலிருந்து இடையின் வர்க்கத்தைக் கழிப்பது, அதாவது மாறற்றிறன்.

இதே வேலையை |x|-க்கும் செய்யலாம், அது இன்னும் இலேசு என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். |x|-இன் பெறுமானங்கள் 0-வுக்கும் π-க்கும் இடையில் சமமாகப் பரவியிருக்கின்றன. அப்படியான பரம்பலின் மாறற்றிறன் π²/12 என்பது பலருக்கு மனப்பாடம். ½ × 16/π² × (ஒற்றை எண்களின் தொகை) = π²/12 என்று எழுதினால், ஒற்றை எண்களின் தொகை π⁴/96. பகுதிகளாகத் தொகையிடுவதும் ஒரு தடவைதான். x²-க்கு இரண்டு தடவை வேண்டும். கையில் நேரம் குறைவு, தொகையிடலில் தடுமாற்றம் என்றால் |x|-ஐ எடுப்பதில் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் கேட்டது ஒற்றை எண்களின் தொகை அல்ல. இரட்டை எண்களையும் சேர்க்க இன்னொரு படி வேண்டும். இரட்டை எண் உறுப்புகள் 1/(2n)⁴, அதாவது மொத்தத் தொகையின் 1/16. S = π⁴/96 + S/16, ஆகவே S = (16/15)(π⁴/96) = π⁴/90. சின்னப் படிதான், ஆனாலும் நான் பார்த்த கொப்பிகளில் பலர் π⁴/96-ஓடு நின்றிருக்கிறார்கள். அதன் பெறுமானம் 1.0147, நாம் தேடும் தொகைக்கு மிகக் கிட்ட இருப்பதால் பிழை கண்ணில் படாது. x² அந்த இடத்தில் ஏமாற்றாது, n எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தருகிறது.

x²-க்கு இன்னொரு வசதியும் உண்டு. அதே தொடரில் x = π இட்டால் π² = π²/3 + 4Σ1/n², ஆகவே Σ1/n² = π²/6. ஒரு தடவை குணகம் கண்டுபிடித்து இரண்டு தொகைகளை எடுக்கலாம்.

x⁴ பற்றி நீட்டத் தேவையில்லை. அதில் சக்திச் சமன்பாடு வேண்டாம்; விரித்து x = π இட்டால் போதும். குணகம் (−1)ⁿ(8π²/n² − 48/n⁴). விடை வரும், ஆனால் Σ1/n² முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், நாலு தடவை தொகையிட வேண்டும், π என்ற அந்த ஒரு புள்ளியில் தொடர் சார்புக்கே ஒருங்குகிறது என்றும் காட்ட வேண்டும். சக்திச் சமன்பாட்டுக்கு அந்தக் கடைசிக் கவலை இல்லை. f²-ஐத் தொகையிட முடிந்தால் போதும், தனித்தனிப் புள்ளிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

ஒயிலர் 1735-இல் இந்த விடையைக் கண்டது வேறு வழி. sin x / x-ஐ முடிவிலிப் பெருக்கமாக எழுதி, x², x⁴ குணகங்களை ஒப்பிட்டார். π⁴/36 − π⁴/60 என்று இரண்டே வரியில் π⁴/90 வந்துவிடும். அந்தப் பெருக்கம் சரி என்று நிறுவுவதுதான் பாரம். நான் இதை ஒரேயொரு தடவைதான் படிப்பித்திருக்கிறேன், அதனால் மாணவர்களுக்கு எது கூட விளங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் நாலு உறுப்புகளைக் கூட்டினால் 1.0788. மிச்சம் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 1/(3·5³)-க்கும் 1/(3·4³)-க்கும் இடையில், அதாவது 0.0027-க்கும் 0.0052-க்கும் இடையில் இருக்கும். ஆகவே விடை 1.0814-க்கும் 1.0840-க்கும் நடுவில் விழ வேண்டும். π⁴/90 = 1.0823. மேலே சொன்ன 1.76-உம் 1.0147-உம் இந்தச் சல்லடையில் நிற்காது. கணிப்பான் கூடத் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. குணகம் வர்க்கமாவதால், 1/n, 1/n², 1/n³ என்று குறையும் குணகங்களிலிருந்து 2, 4, 6 என்ற இரட்டை அடுக்குகள்தான் வரும். Σ1/n³ வேண்டுமென்றால் குணகம் n-இன் ஒன்றரை அடுக்கில் குறைய வேண்டும். எந்தப் பல்லுறுப்பியும் அப்படித் தராது.

ஆறாம் அடுக்குக்கு என்ன எடுப்பது என்று மருமகள் கேட்டாள். முனையும் இருக்கக் கூடாது, அடுத்த வகையீட்டில்தான் தாவல் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கீறிப் பார்த்துவிட்டு x³ − π²x என்றாள். π-யிலும் −π-யிலும் பெறுமானம் பூச்சியம், படித்திறன் இரண்டு இடத்திலும் 2π². ஒற்றைச் சார்பு என்பதால் கழிக்கச் சராசரியும் இல்லை. குணகம் 12(−1)ⁿ/n³, வர்க்கத்தின் சராசரி 8π⁶/105. இருட்டிவிட்டது, விறாந்தை லைட்டைப் போட்டோம். 72 Σ1/n⁶ = 8π⁶/105 என்று எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, கீழே π⁶/945 என்று கோடு போட்டாள்.